காலி செய்த தட்டில் மறுபடியும் புழு வருவது ஏன்?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 32 வீடுகள் இருக்கின்றன. நான் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். "மொட்டை மாடியிலும் பால்கனியிலும் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், தொட்டிகளை மூடி வையுங்கள்" என்று மாதம் ஒருமுறை எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்புகிறேன். பெரும்பாலானவர்கள் கேட்டுச் செய்கிறார்கள். புகை மருந்தும் இரண்டு முறை அடித்தோம். ஆனாலும் பகலிலேயே கொசு கடிக்கிறது. போன மாதம் இரண்டு பிள்ளைகளுக்கு டெங்கு வந்துவிட்டது. வெளியே ஓடும் சாக்கடைதான் காரணம் என்று சிலர் சொல்கிறார்கள். சுத்தம் செய்த பூந்தொட்டித் தட்டிலேயே பத்து நாளில் புழு நெளிகிறது. எங்கே தவறுகிறோம்? நினைவூட்டலில் என்ன எழுதினால் பலன் இருக்கும்?

பதில்: வணக்கம். நீங்கள் அனுப்பும் நினைவூட்டலில் மாற்ற வேண்டியவை இரண்டுதான். "கொட்டுங்கள்" என்று மட்டும் இருக்கும் இடத்தில் "கொட்டிவிட்டுத் தேயுங்கள்" என்று வர வேண்டும். "மாதம் ஒருமுறை" என்பது "வாரம் ஒருமுறை" ஆக வேண்டும். இரண்டுக்கும் காரணம் அந்தக் கொசு முட்டையிடும் விதத்தில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கே புரிந்துவிடும்.

பகலில் கடிப்பதும் டெங்குவைப் பரப்புவதும் ஏடிஸ் எஜிப்தி என்ற கொசு. கறுத்த உடம்பு, காலில் வெள்ளை வளையங்கள். இது முட்டையைத் தண்ணீருக்குள் இடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் பாத்திரச் சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போகிறது. ஒரு தடவைக்கு ஏறத்தாழ நூறு முட்டை. அதையும் ஒரே இடத்தில் இடாது. இந்தத் தட்டில் கொஞ்சம், அடுத்த வாளியில் கொஞ்சம் என்று பல இடங்களில் பிரித்து வைக்கும். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. இட்டவுடன் வெள்ளையாக இருந்து சில மணி நேரத்தில் கறுத்துவிடும். பார்ப்பவருக்கு அது கரிப்பொடி படிந்த கோடு போலத்தான் தெரியும்.

இப்போது உங்கள் பூந்தொட்டித் தட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்காரர் தட்டைத் தூக்கித் தண்ணீரைக் கொட்டுகிறார். அதிலிருந்த புழுக்கள் போய்விட்டன. ஆனால் தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் அப்படியே இருக்கின்றன. இரண்டு நாள் ஈரத்தில் இருந்து உள்ளே கரு முதிர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு முட்டை காய்ந்தாலும் சாகாது. மாதக்கணக்கில் உலர்ந்து கிடந்துவிட்டுத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். மறுநாள் செடிக்கு ஊற்றிய தண்ணீர் கசிந்து தட்டில் நிறைந்து ஓரத்தை எட்டும்போது அந்த முட்டைகளுக்கு அது போதும். புதிதாக ஒரு கொசு வர வேண்டிய அவசியமே இல்லை. சுத்தம் செய்த தட்டில் பத்து நாளில் புழு நெளிவதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இன்னொன்றும் உண்டு. முதல் தடவை நனையும்போதே எல்லா முட்டைகளும் பொரித்துவிடுவதில்லை. ஒரு பங்கு பொரிக்கும், மீதி அடுத்த நனைவுக்குக் காத்திருக்கும். அதனால் ஒரே தட்டை மூன்று முறை கொட்டியவர்கூட நான்காவது முறை புழுவைப் பார்த்துச் சலித்துப்போவார். அவர் சோம்பல் படவில்லை. செய்ய வேண்டிய பாதியை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பாதி, தேய்ப்பது. கரடுமுரடான நாரோ பிரஷோ எடுத்துத் தட்டின் உள்சுவரை அடியிலிருந்து விளிம்பு வரை அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலம்தான் முக்கியமான இடம். கையால் தடவிக் கழுவுவது போதாது, முட்டை அவ்வளவு உறுதியாக ஒட்டியிருக்கும். தேய்த்த தண்ணீரைப் பக்கத்துச் செடித் தட்டிலோ வடிகால் குழாயிலோ ஊற்றக் கூடாது, பெயர்ந்த முட்டைக்கு உயிர் இருக்கும். வெயில் படும் காய்ந்த தரையிலோ மண்ணிலோ ஊற்றிவிடுங்கள். புழுவும் அங்கே காய்ந்து செத்துவிடும்.

இதைவிட எளிய வழி, தட்டையே எடுத்துவிடுவது. அது முடியாவிட்டால் தட்டில் விளிம்பு வரை ஆற்று மணல் போட்டுவிடலாம். கசியும் தண்ணீர் மணலில் ஊறி நிற்கும், மேலே தண்ணீர்ப் பரப்பு இருக்காது. மணல் அமுங்கி இறங்கினால் மேலே குளம் கட்டும், அப்போது மறுபடியும் நிரப்ப வேண்டும்.

அடுத்தது நாள் கணக்கு. வெயில் காலத்து வெப்பத்தில் முட்டை பொரித்துப் புழுவாகி, நான்கு முறை தோல் உரித்து, கூட்டுப்புழுவாக மாறி, கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் ஆகும். குளிர் கூடினால் நாள் கூடும், இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். எந்தக் காலத்திலும் தவறாமல் இருக்க 7 நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துவிட்டால், அந்தத் தண்ணீரில் இருக்கும் புழு எதுவும் பறக்கும் நிலைக்கு வராது. மாதம் ஒருமுறை என்றால் நடுவில் பல தடவை புதுக் கொசு பறந்துவிட இடம் கிடைக்கிறது. உங்கள் குடியிருப்பில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நினைவூட்டல் வந்த அன்று எல்லோரும் சுத்தம் செய்கிறார்கள், அப்புறம் 29 நாள் சும்மா இருக்கிறது.

சாக்கடைக்கு வருவோம். அதில் வளர்வது பெரும்பாலும் கியூலெக்ஸ் கொசு. அழுக்குத் தண்ணீர் அதற்குப் பிடிக்கும், இரவில் கடிக்கும். அதையும் ஒழிக்கத்தான் வேண்டும், ஆனால் உங்கள் பிள்ளைகளுக்கு டெங்குவைக் கொடுத்தது அது இல்லை. ஏடிஸ் விரும்புவது ஓரளவு தெளிந்த, அசையாத தண்ணீரை. கடி பெரும்பாலும் விடிந்ததற்குப் பின் இரண்டு மூன்று மணி நேரத்திலும் சாயங்காலம் வெளிச்சம் மங்கும் முன்னும் நடக்கும். கணுக்காலையும் முழங்கைக்குப் பின்புறத்தையும் தேடி வரும். அது பறக்கும் தொலைவும் குறைவு, வழக்கமாகப் பிறந்த இடத்திலிருந்து நூறு இருநூறு மீட்டருக்குள்தான். ஆகவே பகலில் கடிபடுகிறவர்கள் தேட வேண்டிய இடம் அவரவர் வீடும், தலைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியும்தான்.

புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். அதுவும் துளி நேராகக் கொசுவின் மேல் பட்டால்தான். ஏடிஸ் கட்டிலுக்கு அடியிலும் துணி தொங்கும் மறைவிலும் உட்கார்ந்திருக்கும், வெளியே அடிக்கும் புகை அங்கே எட்டுவது குறைவு. முட்டை, புழு, கூட்டுப்புழு மூன்றையும் அது தொடுவதே இல்லை. மறுவாரம் தொட்டியிலிருந்து புதுக் கொசு வந்து இடத்தை நிரப்பிவிடும். டெங்கு பரவும் நேரத்தில் ஏற்கெனவே கிருமி ஏறிய கொசுக்களைக் குறைக்கப் புகை உதவும். தேங்கிய தண்ணீரைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் புகைக்குப் பணம் செலவழிப்பது வீண்.

எல்லாம் செய்தும் குறையாத ஒரு குடியிருப்பைப் பற்றிச் சொல்கிறேன். அது உங்கள் நிலைமைக்கு நெருக்கமாக இருக்கும். நான்கு மாடி, 16 வீடு. ஞாயிறுதோறும் தட்டுகளைக் கவிழ்த்துத் தேய்க்கும் பழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. ஆனாலும் மேல் இரண்டு மாடிகளில் கொசு தாங்க முடியவில்லை என்று என்னை அழைத்தார்கள். நான் போனதும் புழுவைத் தேடவில்லை, கூட்டுப்புழுவைத் தேடினேன். புழு நூறு இருந்தாலும் உணவு குறைவு, நெருக்கம் என்று பாதி வழியில் பல செத்துவிடும். கூட்டுப்புழுவோ ஏறக்குறைய இரண்டு நாளில் கொசுவாகிப் பறக்கப்போகிறது. ஆகவே எந்தப் பாத்திரத்தில் கூட்டுப்புழு அதிகமோ அந்தப் பாத்திரம்தான் உண்மையில் கொசுவை உற்பத்தி செய்கிறது. அடையாளம் காண்பது சுலபம். புழு நீளமாக நெளியும். கூட்டுப்புழு தலை பெருத்து வால் வளைந்து காற்புள்ளி போல இருக்கும், தொட்டால் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு கீழே போகும்.

எல்லா வீட்டுப் பால்கனியும் பார்த்தோம். 11 இடங்களில் புழு இருந்தது, ஆனால் எல்லாவற்றிலும் சேர்த்துக் கூட்டுப்புழு 9 மட்டுமே. அந்த அளவு தொல்லைக்கு இது காணாது. அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறினோம். பயன்பாட்டில் இருந்த இரண்டு பெரிய தொட்டிகளும் நன்றாக மூடியிருந்தன. மாடிப்படி அறைக்குப் பின்னால் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று கிடந்தது. "அது காலித் தொட்டி, இணைப்பைத் துண்டித்து மூன்று வருஷம் ஆகிறது" என்றார்கள். காற்றில் மூடி பறந்துபோயிருந்தது.

அது காலியாக இல்லை. இந்தத் தொட்டிகளில் தண்ணீர் வெளியேறும் குழாய் அடிமட்டத்தில் இருப்பதில்லை, சில சென்டிமீட்டர் மேலே இருக்கும். அங்கே 7 சென்டிமீட்டர் இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே விழுந்தால் அறுத்துவிட்ட குழாய் வழியாக வெளியேறிவிடும், ஆனால் கடைசி 7 சென்டிமீட்டர் வெளியேற வழியில்லை. தொட்டியின் குறுக்களவு ஏறத்தாழ 1.1 மீட்டர். கணக்குப் போட்டால் 66 லிட்டர் தண்ணீர் எப்போதும் உள்ளே நிற்கிறது. நிழலும் அடைப்பும் இருப்பதால் அது லேசில் வற்றுவதில்லை, நிரம்பி வழிவதும் இல்லை. அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஒவ்வொரு மழைக்கும் நீர்மட்டம் கொஞ்ச நேரம் ஏறிச் சுவரில் ஒட்டிய முட்டைகளை நனைத்துவிட்டு இறங்குகிறது. ஏடிஸ் கொசுவுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

டார்ச் அடித்ததும் தண்ணீரில் புழுவே இல்லாதது போலத்தான் தெரிந்தது. வெளிச்சமோ நிழலோ பட்டால் புழு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அசையாமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருந்தோம். மூச்சுவிட அவை மேலே வந்தே ஆக வேண்டும், வந்தன. மெல்லிய வலையால் வாரி வெள்ளைத் தட்டில் கொட்டி எண்ணினோம். கூட்டுப்புழு 340 தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டோம். இரண்டு நாளில் அவை பறக்கும் என்றால் நாளுக்கு 170 கொசு. அதில் பாதி பெண், கடிப்பது பெண் மட்டும்தான். 16 வீட்டுப் பால்கனிகளில் இருந்த அத்தனை தட்டும் சேர்ந்து தந்ததைவிட இந்த ஒரு தொட்டி தந்தது பல மடங்கு.

அன்றே தண்ணீரை முகந்து வெயிலில் காய்ந்த தளத்தில் ஊற்றினார்கள். உட்சுவரைத் தேய்த்தார்கள். தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். கவிழ்த்தால் அடிப்பக்கம் மேலே வரும், அதிலுள்ள பள்ளங்களில் மழைத் தண்ணீர் நிற்கும் என்று காட்டியதும் விட்டுவிட்டார்கள். அடியில் நான்கு இடத்தில் துளையிட்டார்கள், பிறகு மாடியை விட்டே அப்புறப்படுத்தினார்கள். மூன்று வாரம் கழித்துக் கடி வெகுவாகக் குறைந்திருந்தது.

உங்கள் மாடியிலும் முதலில் "காலி" என்று எல்லோரும் சொல்லும் பொருளைத் தேடுங்கள். பழைய தொட்டி, உடைந்த கழிவறைக் கோப்பை, டயர், மடித்துப் போட்ட தார்ப்பாய், வர்ணம் தீர்ந்த டப்பா, கொடிக்கம்பமோ டிஷ் ஆண்டெனாவோ நட்டிருக்கும் திறந்த இரும்புக் குழாய். குழாயின் வாயில் கலவை போட்டு அடைத்துவிடலாம் அல்லது மணல் நிரப்பலாம். தார்ப்பாயை மடிக்காமல் சரிவாக இழுத்துக் கட்டுங்கள்.

பயன்பாட்டில் உள்ள தொட்டிகளில் எல்லோரும் மூடியை மட்டும் பார்ப்பார்கள். மூடி இருக்கிறதா என்பதைவிட அது விளிம்போடு ஒட்டி உட்காருகிறதா என்பதுதான் கேள்வி. வெயிலில் வளைந்த மூடியின் ஓரத்தில் ஒரு பென்சில் நுழைந்தால் கொசுவும் நுழையும். அடுத்து நிரம்பி வழியும் குழாய். பல தொட்டிகளில் அதன் வாய் திறந்தே இருக்கும். கொசு அந்த வழியாகத் தொட்டிக்குள் போய், சுவரில் முட்டையிட்டுவிட்டு வெளியே வரும். அந்தக் குழாய் வாயில் ஜன்னல் கொசுவலை போல நெருக்கமான வலையைச் சுற்றிக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். காற்றுப் போக்கிக்கும் அப்படியே. மிதவை வால்வு போகும் துளை, நீர்மட்டம் காட்டும் கருவிக்காகப் போட்ட ஒயர் துளை ஆகியவற்றையும் கவனியுங்கள். தேடிப் பார்த்தால் ஒவ்வொரு தொட்டியிலும் இப்படி ஒரு சந்து அகப்படும். வலையில் பாசி படிந்து அடைத்துக்கொண்டால் வழியும் தண்ணீர் வேறு பக்கம் கசியும், ஆகவே மாதம் ஒருமுறை வலையைக் கழற்றித் தட்டிவிட வேண்டும்.

தொட்டியை வாராவாரம் காலி செய்ய முடியாது, அதைக் கேட்பதும் நியாயமில்லை. அடைப்புச் சரியாக இருந்தால் போதும். புழு இருக்கிறது என்று கண்டுபிடித்தால் ஒருமுறை வற்றவிட்டு, அடியிலிருந்து மேல் விளிம்பு வரை தேய்த்து, அந்தத் தண்ணீரைக் காய்ந்த இடத்தில் வெளியேற்றிவிட்டு, சந்துகளை அடைத்த பிறகுதான் மறுபடியும் நிரப்ப வேண்டும். சந்தை அடைக்காமல் கழுவினால் பத்து நாளில் பழைய நிலைமை. பிளீச்சிங் பவுடர் போட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. குடிநீரைச் சுத்திகரிக்கப் போடும் அளவு குளோரின் கிருமிகளைக் கொல்லும், கொசுப்புழுவை அது ஒன்றும் செய்யாது. மண்ணெண்ணெயோ எந்திர எண்ணெயோ குடிநீரில் ஊற்றவே கூடாது.

வற்றவிட முடியாத கீழ்நிலைத் தொட்டிக்கு டெமிபாஸ் என்ற மருந்து இருக்கிறது. பலரும் அதை அபேட் என்று சொல்வார்கள். 1 சதவீத மணல் குருணையாக வரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் உச்ச அளவு. 100 லிட்டருக்கு 10 கிராம் குருணை போட்டால் அந்த அளவு வரும். தொட்டியின் கொள்ளளவை அளந்து, சுகாதாரத் துறைப் பணியாளரைக் கொண்டு போடுங்கள், கண் மதிப்பில் அள்ளிப் போடாதீர்கள். உண்ணும் புழுவைத்தான் இது கொல்லும். உணவே எடுக்காத கூட்டுப்புழுவுக்குப் பெரிய பாதிப்பு இருக்காது. பிடிஐ என்ற நுண்ணுயிர் மருந்துக்கும் இதே எல்லைதான். அதனால் மருந்து போட்ட பின் இரண்டு மூன்று நாள் கொசு பறந்தால் மருந்து போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு வாரம் கழிந்தும் புழு உயிரோடு இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். பல இடங்களில் கொசு இந்த மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருக்கிறது, அப்படியானால் வேறு மருந்துக்கு மாற வேண்டியிருக்கும்.

மாடித் தளத்துக்கு ஒரு சாக்கட்டி போதும். மழை விட்டதும் தேங்கிய தண்ணீரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். வெயிலில் நான்கைந்து நாளில் வற்றிவிட்டால் அங்கே கொசு உருவாக நேரம் போதாது, கவலையை விடலாம். ஐந்தாம் நாளும் தண்ணீர் நின்றால் அந்த இடத்தைப் பெருக்கித் தள்ளுங்கள், பிறகு கொத்தனாரைக் கொண்டு வடிகால் பக்கம் சரிவு எடுத்துப் பூசுங்கள். பெரும்பாலும் குறை சரிவில் இருக்காது, இலையும் குப்பையும் அடைத்த வடிகால் வாயில்தான் இருக்கும். கைப்பிடிச் சுவரின் உள்மூலைகளையும் பாருங்கள்.

பால்கனியில் பூந்தொட்டித் தட்டை விட்டால் அடுத்தது ஏசி தண்ணீர் சொட்டும் வாளி. அதை நாள்தோறும் செடிக்கு ஊற்றிவிட்டால் போதும், வாரம் ஒருமுறை வாளியின் உள்சுவரையும் தேய்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் அடியில் ஒரு தட்டு இருக்கிறது, பலருக்கு அது இருப்பதே தெரியாது. இளஞ்சூட்டில் தண்ணீர் தேங்கி நிற்பதால் ஏடிஸ் அதை விரும்பும். தண்ணீரில் வளர்க்கும் கொடிகளுக்கு வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது கண்ணாடிக் குவளையையும் வேர்களையும் அலசிவிட வேண்டும். அல்லிப் பூ வைத்திருக்கும் பெரிய தொட்டியில் நாலைந்து கப்பி மீன் விடலாம், அவை புழுவைத் தின்றுவிடும்.

32 வீட்டில் ஒன்றிரண்டு பூட்டிக் கிடக்கும், அவற்றை மறந்துவிடாதீர்கள். நெடுநாள் ஊருக்குப் போகிறவர்களிடம் போகும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கழிவறைத் தொட்டிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு ஒருமுறை தண்ணீரை விட்டால் தொட்டி ஏறக்குறைய காலியாகிவிடும். கோப்பையின் மூடியை மூடி, ஓரத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டலாம். குளியலறைத் தரை வடிகாலில் தண்ணீர் நிற்கத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சாக்கடை நாற்றம் மேலே வரும். அதன் மேலே ஒரு தாளை ஒட்டி அடைத்துவிட்டால் கொசு உள்ளே போகாது. செடிகளைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைப்பதென்றால் தட்டுகளை எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நினைவூட்டலை இப்படி எழுதலாம். வார்த்தைகளை உங்கள் விருப்பம்போல மாற்றிக்கொள்ளுங்கள்:

"இன்று ஞாயிற்றுக்கிழமை. பூந்தொட்டித் தட்டு, ஏசி வாளி, குளிர்சாதனப் பெட்டித் தட்டு, மூடாத வாளி ஆகியவற்றில் உள்ள தண்ணீரைக் காய்ந்த தரையில் கொட்டுங்கள். பிறகு உள்சுவரை விளிம்பு வரை நாரால் தேய்த்துக் காய வையுங்கள். கொசு முட்டை சுவரில் ஒட்டியிருக்கிறது, கொட்டினால் போகாது. காற்புள்ளி போன்ற பூச்சியைத் தண்ணீரில் பார்த்தால் படம் எடுத்துச் சங்கத்துக்கு உடனே அனுப்புங்கள். அடுத்த ஞாயிறும் இதே வேலை."

ஒரே நினைவூட்டலில் பத்து விஷயம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், அதனால்தான் இதைச் சுருக்கமாக வைத்தேன். மாடியையும் தொட்டிகளையும் வீட்டுக்காரர்களிடம் விடாதீர்கள். பொது இடத்தை எல்லோருக்கும் பொறுப்பாக்கினால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. காவலாளியோ பிளம்பரோ, ஒருவர் பெயர் சொல்லி அந்த வேலையைக் கொடுங்கள். அவரிடம் டார்ச்சும் வெள்ளைத் தட்டும் இருக்கட்டும். கூட்டுப்புழு எந்த இடத்தில் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நான்கு வாரம் எழுதினால் எந்த இடம் திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்த நோட்டிலேயே தெரிந்துவிடும்.

காய்ச்சல் வந்த பிள்ளைகள் வீட்டில் இன்னொன்றும் சொல்லிவையுங்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் வாரத்தில் நோயாளியின் இரத்தத்தில் கிருமி இருக்கும். அப்போது கடிக்கும் கொசு அதை எடுத்துக்கொண்டு 8 முதல் 12 நாளில் மற்றவருக்குக் கொடுக்கத் தயாராகிவிடும். ஆகவே அந்த வாரத்தில் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள்.

நீங்கள் இந்த ஞாயிறே எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கடி உடனே நிற்காது. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் பெண் கொசுக்கள் இரண்டு முதல் நான்கு வாரம் வரை உயிரோடு இருக்கும், அவை கடித்துக்கொண்டுதான் இருக்கும். இதை முதல் நினைவூட்டலிலேயே குடியிருப்போருக்குச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் பலன் இல்லை" என்று தேய்ப்பதை விட்டுவிடுவார்கள். ஐந்தாம் வாரமும் கடி குறையவில்லை என்றால் நீங்கள் இன்னும் பார்க்காத ஒரு தொட்டி எங்கோ இருக்கிறது. அந்த நோட்டையும் மாடியில் எடுத்த படங்களையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து தேடலாம்.